ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் 'பட் பட்' சத்தம் வருகிறதா? கார்ப்பரேட்டரைத் திருகும் முன் இதைப் பாருங்கள்!

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஸ்டார்ட் ஆவதில் பிரச்னை இல்லை, பிக்கப்பும் குறையவில்லை. ஆனால் தூரத்தில் சிக்னல் சிவப்பாவதைப் பார்த்து ஆக்ஸிலேட்டரை விட்டதும், பின்னால் இருந்து 'பட்... பட் பட்' என்று யாரோ ஊசிப்பட்டாசு கொளுத்திப் போட்டது போல சத்தம். மறுபடி ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் காணாமல் போய்விடும். மெக்கானிக்கிடம் போனால், பெரும்பாலான இடங்களில் முதலில் கை போவது கார்ப்பரேட்டரில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவுக்குத்தான். 'ட்யூனிங் போயிருக்கு, திருகி விட்டா சரியாயிடும்' என்பார்கள்.

சில நேரம் சரியாகவும் போகும். பல நேரங்களில் சத்தம் மட்டும் அடங்கி, கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். அதற்கான விலையைப் பெட்ரோல் பங்க்கில் மாதாமாதம் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது, ஏன் ஆக்ஸிலேட்டரை விடும்போது மட்டும் வருகிறது, எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதைப் பார்க்கலாம்.

வெடிப்பது இன்ஜினுக்கு உள்ளே இல்லை

நம் ஊரில் இதைப் பொதுவாக 'பேக் ஃபயர்' என்றுதான் சொல்கிறோம். கறாராகப் பார்த்தால் பேக் ஃபயர் என்பது வேறு. தீ பின்னோக்கிப் போய் கார்ப்பரேட்டர், ஏர் ஃபில்டர் பக்கம் வெடிப்பதுதான் பேக் ஃபயர். சைலன்சர் வழியாக வெடிப்பதற்கு 'ஆஃப்டர் ஃபயர்' என்று பெயர். இன்ஜினுக்குள் எரிந்திருக்க வேண்டிய பெட்ரோல், அங்கே எரியாமல் தப்பித்து, வெளியே வந்த பிறகு சைலன்சர் குழாயில் எரிகிறது. பெயர்க் குழப்பம் போகட்டும், எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்பதை மட்டும் தெளிவாகக் கவனித்து வையுங்கள். இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு வேறு.

சைலன்சரில் வெடிக்க மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். எரியாத பெட்ரோல் ஆவி, அது எரிவதற்கான ஆக்ஸிஜன், அதைப் பற்ற வைக்கும் சூடு. சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பெண்ட் பைப் பல நூறு டிகிரியில் இருக்கும். ஆக மீதி இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் கேள்வி.

முதலில் எரியாத பெட்ரோல். நீங்கள் 50 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பிளக் தீப்பொறி விட வேண்டும் என்பதால், நொடிக்கு சுமார் 33 முறை உள்ளே எரிகிறது. இப்போது ஆக்ஸிலேட்டரை முழுவதுமாக விடுகிறீர்கள். காற்று போகும் பெரிய வழி மூடிக்கொள்கிறது. ஆனால் கியரில் இருப்பதால் பின்சக்கரம் இன்ஜினைத் தொடர்ந்து அதே வேகத்தில் சுற்றவைக்கிறது. உள்ளே போகும் கலவையோ மிகக் கொஞ்சம். வண்டி நின்றபடி ஐட்லிங்கில் இருக்கும்போது பயன்படும் சின்னத் துளை வழியாக வருவது மட்டும்தான். ஏற்கெனவே எரிந்து முடித்த புகையும் சிலிண்டரில் கணிசமாக மிஞ்சி நிற்கும். இப்படிப் புகையோடு கலந்த கொஞ்சூண்டு கலவையில் பிளக் தீப்பொறி விட்டாலும் எல்லா முறையும் பற்றாது. பற்றாமல் போன சுற்றின் பெட்ரோல் அப்படியே சைலன்சருக்குப் போய்விடும். அடுத்த சுற்று பற்றி எரிந்து, அந்தச் சூட்டோடு வெளியே வரும்போது, முன்னால் காத்திருக்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கிறது. அதுதான் 'பட்'.

அதனால் நல்ல நிலையில் இருக்கும் வண்டியிலும், வேகமாகப் போய் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விடும்போது எப்போதாவது ஒன்றிரண்டு முறை லேசாகக் கேட்கலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். நேற்று வரை வராத சத்தம் இன்று வருகிறது, ஒவ்வொரு முறை விடும்போதும் தொடர்ச்சியாக வருகிறது என்றால்தான் பார்க்க வேண்டும்.

காற்று திருட்டுத்தனமாக நுழையும் இரண்டு வாசல்கள்

மெக்கானிக்குகள் 'எங்கேயோ ஏர் இழுக்குது' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த 'எங்கேயோ' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காற்று இன்ஜினுக்கு முன்னால் நுழையலாம், பின்னாலும் நுழையலாம். இரண்டிலும் வெளியே கேட்கும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே நடப்பது வேறு.

முன்னால் நுழைவது என்றால், கார்ப்பரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவே. அங்கே ஒரு ரப்பர் இணைப்பு இருக்கும். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் வருடக்கணக்கில் கிடந்து அது விறைத்துப்போய் வெடிப்பு விடும். அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் இந்த இடத்தில் உறிஞ்சும் சக்தி மிக அதிகமாகிவிடும். காரணம் எளிது. இன்ஜின் வேகமாகச் சுற்றிக் காற்று கேட்கிறது, வழியோ மூடியிருக்கிறது. கிடைத்த வெடிப்பு வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். அந்தக் காற்றோடு பெட்ரோல் வராது. ஆக கலவையில் காற்று கூடி, பெட்ரோல் குறைந்துவிடும். இதைத்தான் 'லீன்' என்கிறார்கள். பெட்ரோல் முழுமையாக எரிய எடைக் கணக்கில் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். அதைவிடக் காற்று ரொம்பவும் கூடினால் பிளக் தீப்பொறியில் பற்றாமல் போகும் சுற்றுகள் அதிகமாகும். பெட்ரோல் குறைவாக இருந்தும் ஏன் வெடிக்கிறது என்ற குழப்பத்துக்கு பதில் இதுதான். இருக்கும் கொஞ்சமும் உள்ளே எரியாமல் மொத்தமாக வெளியே வருகிறது. கூடவே எரிவதற்கான காற்றையும் தன்னோடு கொண்டு வருகிறது.

முழு ஆக்ஸிலேட்டரில் இதே ஓட்டை ஏன் தொந்தரவு செய்வதில்லை? அப்போது இன்ஜின் பெரிய வழியாக ஏராளமான காற்றை இழுக்கிறது. ஓட்டை வழியாக வருவது அதில் கணக்கிலேயே வராது. ஆக்ஸிலேட்டரை விட்டால் நியாயமான வழியில் வரும் காற்றே கொஞ்சம்தான் என்பதால், அதே ஓட்டை பெரிய பங்காளி ஆகிவிடுகிறது. 'ஓட்டும்போது ஒண்ணும் தெரியல, விட்டா மட்டும் வெடிக்குது' என்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இரண்டாவது வாசல் பின்னால் இருக்கிறது. இன்ஜின் ஹெட்டில் பெண்ட் பைப் வந்து சேரும் இடம். அங்கே வளையம் போல ஒரு கேஸ்கெட் இருக்கும். இரண்டு ஸ்டட், இரண்டு நட் போட்டு இறுக்கியிருப்பார்கள். 'சைலன்சர்ல லீக் இருந்தா புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புகை சைலன்சரில் ஒரே சீராக ஓடுவதில்லை, துடித்துத் துடித்துப் போகிறது. ஒவ்வொரு துடிப்பும் அழுத்திக்கொண்டு போன பின், அதன் வால் பக்கத்தில் ஒரு கணம் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். அந்தக் கணத்தில் கேஸ்கெட் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே உறிஞ்சப்படும். ஆக்ஸிலேட்டரை விட்ட நேரத்தில் வெளியேறும் புகையே குறைவு என்பதால் இந்த உறிஞ்சல் இன்னும் சுலபம். சூடான பெண்ட் பைப்பில் எரியாத ஆவி காத்திருக்கிறது, பக்கத்திலேயே புதுக்காற்று வந்து சேர்கிறது. வெடிக்காமல் என்ன செய்யும்?

ஒரு வண்டி, இரண்டு மெக்கானிக்

ஒரு உதாரணத்தோடு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தாம்பரத்தில் இருந்து கிண்டிக்குத் தினமும் வேலைக்குப் போய் வரும் ஒருவரின் 150 சிசி கார்ப்பரேட்டர் பைக் என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 900 கி.மீ. ஓடும் வண்டி, மைலேஜ் 45. சைலன்சரின் கீழ்ப்பகுதி துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால் கழற்றி வெல்டிங் வைத்து மாட்டுகிறார்கள். அடுத்த நாளில் இருந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் 'பட் பட்'.

முதல் மெக்கானிக் வண்டியை ஐட்லிங்கில் வைத்து, கார்ப்பரேட்டரின் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை ஒரு சுற்று வெளியே திருகுகிறார். இந்த வண்டியில் அந்த ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கிறது என்பதால், வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். கலவை ரிச் ஆனதால், ஆக்ஸிலேட்டரை விட்ட நேரத்திலும் பிளக் தீப்பொறியில் பற்றும் சுற்றுகள் அதிகமாகின்றன. எரியாமல் தப்பிப்பது குறைகிறது. சத்தம் முக்கால்வாசி அடங்குகிறது. வண்டிக்காரருக்கும் சந்தோஷம்.

இரண்டு வாரத்தில் வேறு கதை. காலையில் ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் வாடை. சிக்னலில் நின்றால் ஐட்லிங் கனத்துப்போய் திணறுகிறது. மைலேஜ் 38-க்கு இறங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 900 கி.மீ.க்கு முன்பு 20 லிட்டர் போதும், இப்போது 23.7 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 370 ரூபாய் கூடுதல். சத்தமும் முழுசாகப் போகவில்லை. நெடுந்தூரம் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மறுபடி எட்டிப் பார்க்கிறது.

இரண்டாவது மெக்கானிக் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. 'எப்போ இருந்து சத்தம் வருது?' என்று கேட்கிறார். சைலன்சர் கழற்றி மாட்டினதில் இருந்து என்றதும், குனிந்து பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தைப் பார்க்கிறார். வளையத்தைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் கருப்பாகக் கரி படிந்திருக்கிறது. புகை கசிந்த தடம் அது. கழற்றினால், பழைய கேஸ்கெட்டையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கேஸ்கெட் ஒருமுறை இறுக்கும்போது நசுங்கி அந்த இடத்துக்கு ஏற்றபடி உட்காரும். கழற்றிவிட்டு மறுபடி மாட்டினால் அதே நெளிவில் உட்காராது. இரண்டு நட்டில் ஒன்று ஸ்டட்டின் துருவில் சிக்கி நின்றுவிட்டதால், இறுகிய மாதிரி தெரிந்தும் இறுகவில்லை.

ஸ்டட்டைச் சுத்தம் செய்து, புதுக் கேஸ்கெட் வைத்து, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாக இறுக்குகிறார். ஒரே பக்கம் முதலில் முழுசாக இறுக்கினால் வளையம் கோணலாக உட்காரும் என்பதால்தான் இப்படி. பிறகுதான் ஸ்க்ரூ. முதல் மெக்கானிக் கூட்டிய ஒரு சுற்றைக் குறைத்து, சூடான இன்ஜினில் ஐட்லிங் சீராக நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருகிறார். கரி பிடித்துக் கருத்திருந்த பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார். சத்தம் போய்விட்டது, மைலேஜும் திரும்பிவிட்டது. கேஸ்கெட்டின் விலை, கூடுதலாகப் போட்ட ஒரு மாதப் பெட்ரோல் காசைவிடக் குறைவு.

முதல் மெக்கானிக் செய்ததை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. ஸ்க்ரூ உண்மையிலேயே காரணமாக இருக்கும் வண்டிகளும் உண்டு. ஆனால் வரிசை முக்கியம். லீக் இருக்கும்போது ட்யூனிங் செய்தால், லீக்கோடு சேர்த்துத்தான் ட்யூன் ஆகும். பிறகு யாராவது லீக்கை அடைத்தால் எல்லாம் மறுபடி தப்பாகும்.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

சைலன்சர் பக்கத்தைப் பார்ப்பது சுலபம். காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்திலும், பைப் சைலன்சரோடு சேரும் இடத்திலும் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். லீக் இருந்தால் முட்டை முட்டையாக நுரை வரும். பைப் சூடேறுவதற்குள், அதாவது அரை நிமிடத்துக்குள், பார்த்து முடித்துவிட வேண்டும். இன்னொரு வழி, தடிமனான துணியை மடித்து சைலன்சர் வாயை இரண்டு மூன்று நொடி மட்டும் அழுத்திப் பிடிப்பது. எங்கும் லீக் இல்லை என்றால் இன்ஜின் திணறி நிற்கப் பார்க்கும். லீக் இருந்தால் அந்த இடத்தில் இருந்து 'உஸ்' என்று சத்தம் வரும். எதைச் செய்தாலும் திறந்த வெளியில் செய்யுங்கள், சூடான பைப்பில் கை வைக்காதீர்கள்.

கார்ப்பரேட்டர் பக்க லீக்குக்கு வண்டியே சில அடையாளங்கள் கொடுக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜின் வேகம் உடனே இறங்காமல் மேலேயே நின்றுவிட்டு மெதுவாக இறங்குவது முக்கியமான அடையாளம். ஐட்லிங் ஒருநாள் கூடுதலாகவும் ஒருநாள் குறைவாகவும் இருப்பது இன்னொன்று. காலையில் சோக் போட்டால் மட்டும் சீராக ஓடி, சோக்கை எடுத்ததும் தடுமாறினாலும் இந்தப் பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும். ரப்பர் இணைப்பை விரலால் லேசாக வளைத்துப் பார்த்தால், மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்பு வாய் திறக்கும். நேராகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. உறுதி செய்ய, இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அடிக்கலாம். தண்ணீர் வெடிப்பை ஒரு கணம் அடைக்கும், இன்ஜின் சத்தம் மாறும். ஒர்க் ஷாப்பில் இதற்குக் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள், இன்னும் சிலர் பெட்ரோலையே ஊற்றுவார்கள். இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள்கள். வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

யாரும் கவனிக்காத மெல்லிய குழாய்

கேஸ்கெட் நன்றாக இருக்கிறது, ரப்பரும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் வெடிக்கிறதா? அடுத்து பார்க்க வேண்டியது, பல வண்டிகளில் இருக்கும் ஆனால் பலருக்கும் தெரியாத ஒரு ஏற்பாடு.

புகை மாசைக் குறைப்பதற்காகப் பல பைக்குகளில், ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்து ஒரு குழாயை நேராக இன்ஜின் ஹெட்டின் எக்ஸாஸ்ட் பக்கம் கொண்டுபோய் இணைத்திருப்பார்கள். வெளியேறும் புகையில் மிஞ்சியிருக்கும் பெட்ரோல் அங்கேயே எரிந்து முடியட்டும் என்பதற்காக, வேண்டுமென்றே கொடுக்கும் காற்று அது. செகண்டரி ஏர் என்று பெயர். சும்மா விட்டால் ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் இது வெடிக்கத்தான் செய்யும். அதற்காக நடுவில் ஒரு வால்வு இருக்கும். கார்ப்பரேட்டருக்குப் பக்கத்தில் இருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் அந்த வால்வுக்குப் போகும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் உள்ளே உறிஞ்சல் கூடும் இல்லையா, அந்த உறிஞ்சல் குழாய் வழியாக வால்வை இழுத்து மூடிவிடும். சைலன்சருக்குக் காற்று போவது நின்றுவிடும்.

அந்த மெல்லிய குழாய் விரிசல் விட்டால் என்ன ஆகும்? வால்வு மூடாது, சைலன்சருக்குக் காற்று போய்க்கொண்டே இருக்கும். கூடவே, அதே விரிசல் வழியாக இன்ஜினுக்குள்ளும் காற்று நுழைந்து கலவை லீன் ஆகும். ஒரே விரிசல் இரண்டு வாசலையும் திறந்துவிடும். சில ரூபாய் பெறும் குழாய்க்காக கார்ப்பரேட்டரையே மாற்றிய கதைகள் நடப்பது இதனால்தான்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. செகண்டரி ஏர் குழாயைக் கழற்றி, இரண்டு முனைகளையும் தற்காலிகமாக அடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் சட்டென்று நின்றால், கோளாறு வால்விலோ அந்த மெல்லிய குழாயிலோ இருக்கிறது என்று உறுதி. அதைத்தான் மாற்ற வேண்டும். 'அடைச்சதும் சரியாயிடுச்சே' என்று அப்படியே விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி விட்டால் புகையில் மாசு கூடும், புகைச் சான்றிதழ் எடுக்கப் போகும் இடத்தில் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

கார்ப்பரேட்டருக்கு உள்ளேயே இதே வேலையைச் செய்யும் சின்ன டயாஃப்ரம் ஒன்று சில வண்டிகளில் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஐட்லிங் துளைக்குப் போகும் காற்றைக் கொஞ்சம் குறைத்து, கலவையை ரிச் ஆக்கும். நோக்கமே சைலன்சரில் வெடிக்காமல் இருப்பதுதான். மெல்லிய ரப்பரால் ஆன அது கிழிந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் வெடிப்புச் சத்தம் மட்டும் வரும். கார்ப்பரேட்டர் கழற்றும்போது 'ஏர் கட் வால்வு டயாஃப்ரம் பார்த்தீங்களா?' என்று கேட்டுவிடுவது நல்லது.

அப்போ ஸ்க்ரூவை எப்போ தொடலாம்?

லீக் எங்குமே இல்லை என்று தெரிந்த பிறகு. அதற்கும் முன்னால் பைலட் ஜெட் சுத்தமாக இருக்க வேண்டும். வண்டியை ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால், கார்ப்பரேட்டரில் மிஞ்சிய பெட்ரோல் காய்ந்து பிசினாகிவிடும். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கொஞ்சம் பிசின் படிந்தாலே ஐட்லிங் பெட்ரோல் குறைந்து கலவை லீன் ஆகும். கிளீனரில் ஊறவைத்து காற்றடித்துத்தான் எடுக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அதற்குப் பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது.

ஸ்க்ரூவில் ஒரு பொறி இருக்கிறது. எல்லா வண்டியிலும் ஒரே திசை கிடையாது. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது என்று பொருள், உள்ளே திருகினால் ரிச் ஆகும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது கலவையைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால்தான் ரிச் ஆகும். இது தெரியாமல் திருகி, லீனாக இருந்த வண்டியை இன்னும் லீன் ஆக்கியவர்கள் உண்டு. தொடும் முன் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முழுக்கத் திருகி, எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணிக் குறித்து வைத்துவிட்டால், தவறு நடந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம். கடைசியில் இறுக்கித் திருகக் கூடாது, முனை கெட்டுவிடும்.

பிறகு பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, ஐட்லிங் வேகம் எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்தி, ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைச் சரியான அளவுக்கு இறக்க வேண்டும். மூன்று சுற்றுக்கு மேல் திறந்தும் சத்தம் அடங்கவில்லை என்றால், ஸ்க்ரூவோடு போராடுவதை நிறுத்திவிட்டு மறுபடி லீக்கைத் தேடுவதுதான் சரி.

பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளுக்கு இப்போது ஒரு புதுக் காரணமும் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அந்தப் பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று தேவையில்லை, சுமார் 13.5 போதும். கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது, பழைய அளவிலேயே கலக்கும். ஆக கலவை தானாகவே கொஞ்சம் லீன் பக்கம் சாயும். ஏற்கெனவே விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் இந்தச் சாய்வே சத்தத்தைக் கிளப்பப் போதுமானது. லீக் எதுவும் இல்லாத இப்படிப்பட்ட வண்டிக்கு ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று ரிச் பக்கம் வைப்பது நியாயமான வைத்தியம்தான்.

எஃப்ஐ வண்டியில் ஸ்க்ரூவே இல்லையே?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்த பிறகு விற்ற பெரும்பாலான பைக்குகளில் ஃபியூவல் இன்ஜெக்ஷன்தான். ஆக்ஸிலேட்டரை விட்டு வண்டி வேகத்தில் உருளும்போது, பெட்ரோலையே நிறுத்திவிடும் வசதி இவற்றில் உண்டு. அதனால் சத்தம் பொதுவாகக் குறைவு. வந்தால், கேஸ்கெட் லீக் இங்கே இன்னொரு சிக்கலையும் இழுத்துவிடும். பெண்ட் பைப்பில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், லீக்கில் நுழைந்த வெளிக்காற்றைப் பார்த்து 'கலவை லீனாக இருக்கிறது' என்று தவறாகத் தகவல் சொல்லும். இசியூ அதை நம்பி பெட்ரோலைக் கூட்டும். நம் உதாரணத்தில் முதல் மெக்கானிக் கையால் செய்ததை, இங்கே கம்ப்யூட்டரே செய்துவிடும். மைலேஜ் குறையும். தப்பித்த பெட்ரோல் சைலன்சரில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அது அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுப்போகும். அதை மாற்றும் செலவு கேஸ்கெட் செலவு மாதிரி இருக்காது.

சாவியை ஓடும்போதே ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்து 'டமார்' என்று வெடிக்க வைக்கும் விளையாட்டும் இதே கணக்கில்தான் வரும். ஆஃப் செய்திருக்கும் அந்த சில நொடிகளில் கார்ப்பரேட்டர் வண்டியில் எரியாத கலவை மொத்தமாக சைலன்சரில் நிரம்பும், ஆன் செய்ததும் ஒரேயடியாக வெடிக்கும். சைலன்சரின் உள் தடுப்புகளும் வெல்டிங்கும் பிய்ந்துபோகும். மலைச்சாலையில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று சாவியை ஆஃப் செய்பவர்களுக்கும் இதுவே நடக்கும்.

சத்தத்துக்காகவே ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டியவர்கள் விஷயம் தனி. புகை சுலபமாக வெளியேறுவதால் கலவை லீன் ஆகும், உள்ளே தடுப்பு இல்லாததால் சின்ன வெடிப்பும் தெருவுக்கே கேட்கும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ், ஒலி மற்றும் காற்று மாசு விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. லைசென்ஸும் 3 மாதம் போகும்.

அடுத்த முறை ஒர்க் ஷாப் போகும்போது 'சைலன்சர்ல வெடிக்குது' என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். எந்த வேலைக்குப் பிறகு தொடங்கியது, வண்டி ஆறியிருக்கும்போது வருகிறதா, சூடான பிறகா, ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஐட்லிங் உடனே இறங்குகிறதா, தாமதமாகிறதா என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்க்ரூவைத் திருகும் முன், 'பெண்ட் பைப் கேஸ்கெட்டை ஒருமுறை பார்த்துடுங்கண்ணே' என்று கேளுங்கள்.